டெங்கு: காய்ச்சல் விட்ட அன்றைக்குத்தான் கண்ணைத் திறந்து வைத்திருக்கணும்

மற்ற காய்ச்சல்களில் உடம்பு சூடு குறைஞ்சா வீடே நிம்மதியாகிவிடும். "காய்ச்சல் விட்டுடுச்சு, இனி கஞ்சி குடிச்சுத் தேறிடுவான்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். டெங்குவில் இந்தக் கணக்கு தலைகீழ். 103 டிகிரி கொதிக்கும்போது டெங்கு ஆளைச் சாய்ப்பது குறைவு. காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் சாய்க்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்த வீட்டுக்கும் தெரியாத வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் சில மணி நேரம்தான். ஆனால் டெங்குவில் அந்தச் சில மணி நேரம்தான் எல்லாமே.

நான் டாக்டர் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன். மழைக்காலத்தில் ரிப்போர்ட் வாங்க வருபவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எவ்வளவு சார்?" அதே தாளில், அதைவிட முக்கியமான எண் ஒன்று இரண்டு வரி தள்ளி இருக்கும். அதை யாரும் கேட்டதில்லை. அந்த எண்ணைப் பற்றியும், நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பற்றியும்தான் இந்தக் குறிப்பு.

முதலில் நாளை எண்ணுங்கள்

டெங்கு என்று சந்தேகம் வந்தவுடன் ஒரு தாளை எடுத்து, காய்ச்சல் எந்த நாள், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று எழுதி வையுங்கள். ஞாயிறு சாயந்தரம் ஆரம்பித்தால் திங்கள் சாயந்தரம் வரை முதல் நாள். ஆஸ்பத்திரியில் கேட்கும் முதல் கேள்வியே "காய்ச்சல் எத்தனாவது நாள்?" என்பதாகத்தான் இருக்கும். "ஒரு நாலஞ்சு நாளா" என்று இழுத்தால் அவர்களுக்கு உதவாது. எந்தப் பரிசோதனை எப்போது செல்லும் என்பதும் இந்த எண்ணிக்கையை வைத்துத்தான். என்எஸ்1 சோதனை முதல் நான்கைந்து நாளில் நன்றாகக் காட்டும். ஐஜிஎம் ஐந்தாம் நாளுக்கு மேல்தான் நம்பகமாகத் தெரியும்.

டெங்குவுக்கு மூன்று கட்டம் உண்டு. முதலில் காய்ச்சல் கட்டம்: இரண்டு முதல் ஏழு நாள், கடும் சூடு, கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, சாப்பாடு பிடிக்காது. அடுத்தது ஆபத்துக் கட்டம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில், உடம்பு சூடு 100-க்குக் கீழே இறங்கும் சமயத்தில் தொடங்கி, 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும். மூன்றாவது தேறும் கட்டம். டெங்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆபத்துக் கட்டத்தை ஒன்றும் ஆகாமல் தாண்டிவிடுவார்கள். முதல் கட்டத்திலிருந்து நேராக மூன்றாவதுக்குப் போனதுபோல்தான் அவர்களுக்குத் தோன்றும். மீதிப் பேர் யார் என்று முதல் நாளிலேயே சொல்லிவிட முடியாது. அதனால்தான் எல்லோரையும் அந்த நாட்களில் கவனிக்கச் சொல்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

டெங்கு என்றால் ரத்தம் கொட்டி இறந்துபோவது என்றுதான் பலர் மனசில் பதிந்திருக்கிறது. ஆனால் கடுமையான டெங்குவின் மையப் பிரச்சினை ரத்தம் வெளியே போவதைவிட, ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிவதுதான்.

நம் ரத்தக் குழாய்களின் உள்சுவர் நெருக்கமாகப் பின்னிய துணி மாதிரி. டெங்குவில் வைரஸும், அதை எதிர்த்து நம் உடம்பு கிளப்பும் எதிர்ப்பும் சேர்ந்து அந்தப் பின்னலைத் தளர்த்திவிடும். சிவப்பணுக்கள் பெரியவை, வெளியே போகாது. பிளாஸ்மா என்கிற நீர்ப்பகுதி மட்டும் கசிந்து வயிற்றுக்குள்ளும், நுரையீரலைச் சுற்றியும் போய்த் தேங்கும். உடம்பை விட்டு ஒரு சொட்டும் வெளியே வரவில்லை, ஆனால் குழாய்க்குள் ஓடும் அளவு குறைந்துபோச்சு. இதயம் வேகமாக அடித்துச் சமாளிக்கப் பார்க்கும். கை கால் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பி விடும். சிறுநீரகத்துக்கும் பங்கு குறையும். அதற்கும் மேலே கசிந்தால் அதிர்ச்சி நிலை, டாக்டர்கள் ஷாக் என்று சொல்வது.

இந்தப் படத்தை மனசில் வைத்துக்கொண்டால் எச்சரிக்கை அறிகுறிகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஒவ்வொன்றும் இதிலிருந்துதான் வருகிறது.

வீட்டில் பார்க்க வேண்டியவை

உலக சுகாதார நிறுவனம் 2009-இல் டெங்குவை வகைப்படுத்தியபோது எச்சரிக்கை அறிகுறிகள் என்று ஒரு பட்டியலைத் தனியாக வைத்தது. அதில் வீட்டு ஆட்களே கண்டுபிடிக்கக் கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது வயிற்று வலி. சாப்பிடாததால் வரும் லேசான எரிச்சலைச் சொல்லவில்லை. விடாமல் வலிக்கும். விலாவுக்குக் கீழே வலது பக்கம் தொட்டாலே முகம் சுளிப்பார்கள். ஈரல் வீங்குவதாலும், உள்ளே நீர் கோப்பதாலும் இப்படி வரலாம். "ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல, அதான் வயிறு வலிக்குது" என்று சொல்லி ஜெலுசில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகிற வீடுகள் நிறைய.

இரண்டாவது விடாத வாந்தி. காய்ச்சலில் ஒரு தடவை வாந்தி வருவது சகஜம். ஒரு மணி நேரத்தில் மூன்று முறை, அல்லது ஆறு மணி நேரத்தில் நான்கு முறை என்றால் அது சகஜம் இல்லை. அதோடு, உள்ளே போகிற தண்ணீர் தங்கவில்லை என்றால் வீட்டு வைத்தியத்துக்கு அங்கேயே முடிவு வந்துவிட்டது.

மூன்றாவது ரத்தக் கசிவு. ஈறு, மூக்கு, வாந்தியில் காப்பித்தூள் மாதிரி, தார் போல் கறுத்த மலம், பெண்களுக்கு வழக்கத்தை மீறிய மாதவிலக்கு. தோலில் வரும் சின்னச் சிவப்புப் புள்ளிகள் பலருக்கும் வரும், அதை மட்டும் பார்த்துப் பதற வேண்டியதில்லை. வாய், மூக்கு, குடல், கர்ப்பப்பை இவற்றிலிருந்து வருவதுதான் கணக்கு. இதற்காகவே ஒரு சின்ன யோசனை: இந்த நாட்களில் மாதுளை, பீட்ரூட், திராட்சை ஜூஸ் மாதிரி சிவப்பும் கறுப்புமான பானங்களைத் தவிர்த்துவிடுங்கள். வாந்தி எடுத்தால் அது ஜூஸா ரத்தமா என்று குழம்ப வேண்டியிருக்காது.

நான்காவது சோர்வு அல்லது நிலைகொள்ளாமை. இது சொல்வதற்குக் கஷ்டமான அறிகுறி. காய்ச்சல் இருக்கும்போது எல்லோரும் சோர்ந்துதான் இருப்பார்கள். ஆனால் சூடு குறைந்த பிறகும் ஆள் தெளியாமல், முந்தின நாளைவிடத் துவண்டு கிடந்தால் அதுதான் அறிகுறி. குழந்தைகள் சில நேரம் எதிர்மாறாக, காரணமில்லாமல் எரிச்சலோடு புரண்டுகொண்டே இருப்பார்கள். மற்றக் காய்ச்சல்களில் சூடு இறங்கினால் ஆள் கொஞ்சம் எழுந்து உட்காருவார். டெங்குவில் சூடு இறங்கியும் உட்கார முடியவில்லை, எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்றால் காத்திருக்கக் கூடாது.

இந்த நான்கோடு, வீட்டிலேயே அளக்கக் கூடிய இரண்டு விஷயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, சிறுநீர். கடைசியாக எத்தனை மணிக்குப் போனார் என்று அதே தாளில் எழுதுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை என்றால் உடம்பு தண்ணீரைச் சிறுநீரகத்துக்குக் கொடுக்காமல் பிடித்துவைக்கிறது என்று அர்த்தம். சின்னக் குழந்தைக்கு டயப்பர் போட்டிருந்தால் அது எத்தனை மணியிலிருந்து காய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டு, கை கால். உள்ளங்கை, பாதத்தைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று ஈரமாக இருக்கிறதா? கட்டைவிரல் நகத்தை வெளுக்கும் வரை ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள். ரோஸ் நிறம் இரண்டு விநாடிக்குள் திரும்பணும். அதைவிட நேரமானால் ரத்தம் விரல் நுனி வரை சரியாக வரவில்லை.

வீட்டில் பிபி மெஷின் இருந்தால் மேல் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். டெங்கு ஷாக்கின் தொடக்கத்தில் மேல் எண் அப்படியே இருக்கும், கீழ் எண் ஏறும். 110/70 என்று இருந்தது 100/80 ஆகும். பார்ப்பவர் "பிபி நார்மல்" என்பார். ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருந்த 40 இப்போது 20 ஆகிவிட்டது. வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே என்றால் அது ஷாக்கின் அடையாளம். மேல் எண் விழ ஆரம்பிப்பது அதற்கும் பிறகுதான்.

இதில் ஏமாற்றும் இன்னொரு விஷயம், ஷாக்கில் இருக்கும் டெங்கு நோயாளி பெரும்பாலும் நினைவோடு, தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். "நல்லாத்தானே பேசுறான்" என்பது ஆறுதல் இல்லை.

பிளேட்லெட் பக்கத்தில் இருக்கும் எண்

ரத்த ரிப்போர்ட்டில் பி.சி.வி. அல்லது ஹீமடோக்ரிட் என்று ஒரு வரி இருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்திருக்கின்றன என்பதே அது. சாம்பாரைக் கொதிக்க விட்டால் பருப்பும் காயும் கூடுவதில்லை, தண்ணீர் வற்றுவதால் கெட்டியாகிறது. அதேதான் இங்கேயும். நீர்ப்பகுதி கசிந்தால் மிச்ச ரத்தம் கெட்டியாகி பி.சி.வி. ஏறும். ஆரம்பத்தில் இருந்த அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 சதவீதம் ஏறினால் கசிவு கணிசமாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆரம்பத்தில் இருந்த அளவு என்பதுதான் இதில் உயிர்நாடி. ஒருவருக்கு 44 இயல்பு, இன்னொருவருக்கு 44 கசிவு. ஆகவே காய்ச்சல் வந்த முதல் இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு முழு ரத்தப் பரிசோதனை எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் ஒப்பிட ஒரு கோடு கிடைக்கும். மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒரு முறை பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஒரு விதிவிலக்கு: ஆள் மோசமாகிக்கொண்டே போகும்போது பி.சி.வி. இறங்கினால் அது நல்ல செய்தி இல்லை, உள்ளே எங்கோ ரத்தம் போகலாம்.

அப்படியென்றால் பிளேட்லெட் முக்கியமே இல்லையா? முக்கியம்தான், ஆனால் வேறு விதத்தில். அது வேகமாக இறங்குவது, ஆபத்துக் கட்டம் நெருங்குகிறது என்பதற்கான மணி. பி.சி.வி. ஏற ஏற பிளேட்லெட் சடசடவென்று இறங்கினால் அது எச்சரிக்கைப் பட்டியலிலேயே உள்ள ஒன்று. மற்றபடி 40,000 இருக்கிறதா 25,000 இருக்கிறதா என்பதை வைத்து யாருக்கு ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. 80,000 பிளேட்லெட்டோடு ஷாக்கில் போனவரும் உண்டு, 20,000-த்தோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவரும் உண்டு. ரத்தக் கசிவு இல்லாதபோது முன்ஜாக்கிரதையாகப் பிளேட்லெட் ஏற்றுவது உதவுகிறதா என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பெரியவர்களிடம் ஆராய்ந்தார்கள். 20,000-க்குக் கீழே இருந்தவர்களிலும் அது ரத்தக் கசிவைக் குறைக்கவில்லை. 2017-இல் லான்செட் இதழில் அது வந்தது.

பிளேட்லெட் தேறும் கட்டத்தில் தானாகவே ஏறும். அந்த நேரத்தில் எதைக் குடித்துக்கொண்டிருந்தோமோ அதற்குப் பேர் போய்விடும். பப்பாளி இலைச்சாறு பற்றி ஊருக்கு ஒரு கதை இருப்பது இதனால்தான். யாரும் எதையும் குடிக்கட்டும், நான் சண்டைக்கு வரவில்லை. குடிக்கும் கசப்பில் வாந்தி வந்து, உள்ளே போன கஞ்சியும் வெளியே வந்துவிடக் கூடாது. "சாறு கொடுத்திருக்கோம், நாளைக்குப் பார்ப்போம்" என்று ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடவும் கூடாது.

ஒரு வாரம், ஒரு பையன்

என் அக்கா வீடு பட்டுக்கோட்டைப் பக்கம். அவள் மகனுக்கு 14 வயது, 40 கிலோ எடை. ஒரு ஐப்பசி மாதம், ஞாயிறு சாயந்தரம் ஏழு மணிக்குக் காய்ச்சல் ஆரம்பம். தெருவில் ஏற்கனவே இரண்டு பேருக்கு டெங்கு. திங்கள் காலையில் எடுத்த பரிசோதனையில் பி.சி.வி. 37, பிளேட்லெட் 1,90,000. செவ்வாய் என்எஸ்1 பாசிட்டிவ். காய்ச்சல் 102, 103. ஆனால் தண்ணீர் குடித்தான், சிறுநீர் போனான், வயிறு வலி இல்லை. டாக்டர் வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொன்னார், தினமும் ரத்தம் பார்க்கச் சொன்னார். அது சரியான முடிவு. எச்சரிக்கை அறிகுறி எதுவும் இல்லாத, குடிக்க முடிகிற ஆளுக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை அவசியமில்லை.

புதன் பி.சி.வி. 39, பிளேட்லெட் 98,000. வியாழன் விடியும்போது சூடு 99. வீட்டில் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. எட்டு மணிக்கு அக்கா போன் செய்தாள்.

"காய்ச்சல் விட்டுடுச்சுடா. ஆனா எந்திரிக்க மாட்டேங்குறான். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கான்."

"அக்கா, கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனான்?"

தாளைப் பார்த்துச் சொன்னாள்: "நேத்து ராத்திரி பதினோரு மணி."

ஒன்பது மணி நேரம். விடிகாலையிலிருந்து மூன்று வாந்தி. பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "சில்லுன்னு இருக்கு, காய்ச்சல் விட்டதாலதானே?" என்றாள். இல்லை. காய்ச்சல் விட்ட உடம்பு எங்கும் ஒரே மாதிரி இதமாக இருக்கும், பாதம் மட்டும் குளிராது. "ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதே, அத்தானை வண்டி எடுக்கச் சொல்லு" என்றேன். காலையில் கொடுத்த ரத்தத்தின் முடிவு அவர்கள் வழியில் இருக்கும்போதுதான் வந்தது: பிளேட்லெட் 54,000, பி.சி.வி. 44. அக்காவுக்கு 54,000 என்பது மட்டும்தான் கண்ணில் பட்டது. 37 எங்கே, 44 எங்கே! கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பிபி 98/80. வித்தியாசம் 18. பையன் டாக்டரிடம் தன் பெயர், வகுப்பு எல்லாம் தெளிவாகச் சொன்னான். ஆனாலும் அது ஷாக்கின் தொடக்கம். ஏற்றியது சாதாரண சலைன்தான்: கிலோவுக்கு 10 மில்லி கணக்கில் முதல் ஒரு மணி நேரத்தில் 400 மில்லி. அதற்குப் பிறகு நாடி, பிபி, சிறுநீர், பி.சி.வி. இவற்றைப் பார்த்துப் பார்த்து அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். மத்தியானம் சிறுநீர் போனான். சாயந்தரம் பி.சி.வி. 40. வெள்ளிக்கிழமை பிளேட்லெட் 23,000-க்கு இறங்கியது. சொந்தக்காரர்கள் எல்லாம் "பிளேட்லெட் ஏத்தலையா?" என்று போன் மேல் போன். ரத்தக் கசிவு இல்லை, அதனால் ஏற்றவில்லை. சனிக்கிழமை சலைனை நிறுத்தினார்கள், அன்றைக்கு 31,000, ஞாயிறு 58,000. திங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

கவனித்தீர்களா, அவனைக் காப்பாற்றிய மருந்து உப்புத் தண்ணீர்தான். டெங்கு வைரஸைக் கொல்ல மருந்து எதுவும் இன்னும் நம் கையில் இல்லை. கசியும் ஒன்றிரண்டு நாள் குழாய்க்குள் தேவையான அளவு நீரை வைத்திருந்தால் கசிவு தானாக நின்றுவிடும். சரியான நேரத்தில் இதைச் செய்தால் கடும் டெங்குவிலும் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இறக்கிறார்கள். செய்யாமல் விட்டால் இருபது பேர் வரை போகலாம்.

வீட்டில் வைத்துப் பார்க்கும் நாட்களில்

குடிப்பதற்கு வெறும் தண்ணீர் மட்டும் போதாது. ஓஆர்எஸ் கரைசல், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், பால், மோர், இளநீர், வெளிர் நிறப் பழச்சாறு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஐந்து டம்ளருக்குக் குறையாமல், மடக்கு மடக்காக. போதுமா என்பதற்கு அளவுகோல் சிறுநீர்தான்: ஒரு நாளைக்கு நான்கிலிருந்து ஆறு தடவை, வெளிர் நிறத்தில் போனால் சரி.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆறு மணி நேர இடைவெளி, நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம், குழந்தைக்கு எடையைப் பார்த்து டாக்டர் சொன்ன அளவு. "சூடு இறங்கலையே" என்று மெடிக்கல் ஷாப்பில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் கலந்த மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், இடுப்பில் ஊசியும் போட்டுக்கொள்ளாதீர்கள். இவை ரத்தக் கசிவைக் கிளப்பும். இதய நோய்க்காக ஏற்கனவே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது. அன்றைக்கே டாக்டரைக் கேட்க வேண்டிய விஷயம் அது.

"தெம்புக்கு ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டு வந்துடலாம்" என்பதையும் மறந்துவிடுங்கள். கசியும் உடம்பில் கண்காணிக்காமல் ஏற்றும் நீர் நுரையீரலைச் சுற்றிப் போய்த் தேங்கி மூச்சுத் திணற வைக்கும். குறைவாகப் போனாலும் ஆபத்து, அதிகமாகப் போனாலும் ஆபத்து. அதனால்தான் மணிக்கு மணி பார்க்கக் கூடிய இடத்தில் ஏற்றச் சொல்வது.

எப்போது கிளம்பணும்

கீழே உள்ளதில் ஒன்றே ஒன்று இருந்தாலும், பகலோ ராத்திரியோ, உடனே:

- விடாத வயிற்று வலி
- எதுவும் தங்காத வாந்தி
- ஈறு, மூக்கு, வாந்தி, மலம், மாதவிலக்கு வழியாக ரத்தம்
- சூடு குறைந்தும் துவண்டு கிடப்பது, எரிச்சல், குழப்பமான பேச்சு
- ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை
- குளிர்ந்த, ஈரமான கை கால், எழுந்தால் மயக்கம்
- மூச்சு வாங்குவது, வயிறு உப்பலாகத் தெரிவது

கடைசி மூன்றில் எது இருந்தாலும் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போகாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், படுக்கவைத்துக் கொண்டுபோங்கள்.

சிலருக்கு அறிகுறி வரும் வரை காத்திருக்கவே கூடாது. கர்ப்பிணிகள், ஒரு வயதுக்குள்ளான குழந்தைகள், வயதானவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள். டெங்கு என்று தெரிந்தவுடன் இவர்களை டாக்டர் நேரில் பார்த்து, சேர்க்கலாமா என்று முடிவெடுக்கணும். முன்பே ஒரு தடவை டெங்கு வந்தவர்களும் அதைச் சொல்லிவிட வேண்டும். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. இரண்டாம் முறை வேறு வகை தொற்றும்போது கடுமையாகும் வாய்ப்பு அதிகம். தனியாக அறையெடுத்துத் தங்கியிருப்பவர்கள், ஆஸ்பத்திரி வெகு தூரத்தில் உள்ளவர்களும் காய்ச்சல் இறங்கும் நாளுக்கு முன்பே பக்கத்தில் வந்துவிடுவது நல்லது.

ஆஸ்பத்திரி வாசலில் "காய்ச்சல் சார்" என்று மட்டும் சொன்னால் காய்ச்சல் வரிசையில் நிற்கவைத்து விடுவார்கள். காய்ச்சலே இல்லாத ஆளாக இருந்தால் இன்னும் பின்னால் தள்ளிவிடுவார்கள். நாலு வரியில் சொல்லுங்கள்: "டெங்கு பாசிட்டிவ். நான்காம் நாள். இன்னைக்குக் காலைல காய்ச்சல் விட்டுச்சு. ஒன்பது மணி நேரமா யூரின் இல்லை, வயிறு வலிக்குது, பி.சி.வி. 37-லேர்ந்து 44." ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வாரியாகக் கையில் வைத்திருங்கள்.

எச்சரிக்கை அறிகுறி என்பது தீர்ப்பு இல்லை. அறிகுறியோடு போனவர்களில் பலரை ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். அது வீண் அலைச்சல் இல்லை. அந்த ராத்திரியில்தான் நிலைமை எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியும்.

காய்ச்சல் மாத்திரை இல்லாமலே 48 மணி நேரம் சூடு இல்லை, பசி எடுக்கிறது, சிறுநீர் நன்றாகப் போகிறது, பிளேட்லெட் ஏறத் தொடங்கிவிட்டது என்றால் ஆபத்துக் கட்டம் தாண்டியாச்சு. அந்தச் சமயத்தில் கை கால் சிவந்து, நடுநடுவே வெள்ளைத் திட்டுகளோடு, ராத்திரியெல்லாம் அரிக்கும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது தேறுகிறதன் அடையாளம், சில நாளில் போய்விடும்.